பயிற்சியாளர் சான்றிதழில் இல்லாத ஒரு வரி

ராஜபாளையத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் பள்ளித் திடல்களின் ஓரமாக நடந்துபோனால் ஒரே காட்சியைப் பல இடங்களில் காணலாம். பள்ளி விட்டபின் சீருடையைக் களைந்து விளையாட்டு உடைக்கு மாறிய முப்பது, நாற்பது பிள்ளைகள்; கழுத்தில் ஊதல் தொங்கும் ஓர் இளைஞர்; மதில் ஓரம் இரு சக்கர வாகனங்களை நிறுத்திவிட்டு, ஏழு மணிக்கு வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் புறப்படும் பெற்றோர். அந்த இரண்டு மணி நேரமும் நாற்பது குழந்தைகளின் பொறுப்பு அந்த ஒருவரிடம் இருக்கிறது. அவர் யார் என்பதை அந்தப் பெற்றோரில் எத்தனை பேர் அறிவார்கள்?

கடந்த கோடை விடுமுறைக்கு முன்பு இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது. எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஒரு பள்ளியின் திடலை இரவல் வாங்கி, மாலைநேர விளையாட்டுப் பயிற்சி முகாம் ஒன்றைத் தொடங்க முனைந்தனர். பயிற்சியாளராக வர விரும்பியவர்களின் சான்றிதழ்களைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு விளையாட்டில் என்ன தெரியும் என்று தயங்கினேன். "நீங்கள் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர் சார், அது போதும்" என்றார்கள். காகிதங்களைப் படித்தேன். அவற்றில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

பயிற்சியாளர் தகுதி என்பது நம் நாட்டில் ஒரே ஏணி அன்று. விளையாட்டுக்கு ஒன்றாகப் பல ஏணிகள் உள்ளன. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் வழங்கும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு பலருக்கு முதல் படி. அதே நிறுவனத்தின் பட்டயப் படிப்பு அதற்கு அடுத்த நிலை. கால்பந்தில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமத்தில் தொடங்கி, ஆசியக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ' என்று ஏறி, 'புரோ' என்னும் உச்சிக்குச் செல்ல வேண்டும். தடகளத்தில் உலகத் தடகள அமைப்பின் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்ற வரிசை உண்டு.

இந்தப் படிகளில் ஏறும் முறை பொதுவாக ஒன்றுதான். சில நாள்களோ சில வாரங்களோ வகுப்பு, களத்தில் பயிற்றுவித்துக் காட்டும் தேர்வு, பின்னர் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய அனுபவம், அதன்பின் அடுத்த நிலைக்கான வகுப்பு. கால்பந்தின் 'டி' உரிமத்துக்கான வகுப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான். சிறு பிள்ளைகளுக்குப் பந்தை எப்படி அறிமுகப்படுத்துவது, ஒரு பயிற்சி வேளையை எப்படித் திட்டமிடுவது என்பன அதில் கற்பிக்கப்படும். மேலே ஏற ஏற, உத்தி, உடற்கூறு, போட்டிக்கால ஆயத்தம் ஆகியவை சேரும். இந்த ஏணியின் அமைப்பில் ஒரு முரண் உண்டு. மேல்படியில் இருப்பவர் பெரியவர்களுக்கும் தொழில்முறை அணிகளுக்கும் பயிற்சி அளிக்கச் செல்கிறார். மிகச் சிறிய குழந்தைகளிடம் வந்து சேர்பவர், பெரும்பாலும் முதல் படியில் நிற்பவர் அல்லது ஏணியிலேயே கால் வைக்காதவர்.

என் முன் வைக்கப்பட்ட காகிதங்களில் மூன்று வகை இருந்தன. முதல் வகை, மேற்சொன்ன ஏணிகளைச் சேர்ந்த உண்மையான தகுதிச் சான்று. இரண்டாவது, ஒரு நாள் அல்லது இரு நாள் பயிலரங்கில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் சொல்லும் தாள். அழகிய முத்திரையும் பொன்னிற ஓரமும் இருக்கும். ஆனால் எந்தத் தேர்விலும் 'தேர்ச்சி பெற்றார்' என்ற சொல் இராது. மூன்றாவது, அவர் விளையாட்டு வீரராக வென்ற பரிசுகளின் சான்று. நன்றாக ஆடியவர் என்பதற்கு அது ஆதாரம். நன்றாகக் கற்பிப்பவர் என்பதற்கு அன்று. இம்மூன்றையும் பிரித்தறிய விளையாட்டு அறிவு தேவையில்லை. வழங்கிய அமைப்பின் பெயர், பதிவு எண், செல்லுபடியாகும் காலம், தேர்ச்சியா பங்கேற்பா என்ற நான்கையும் பார்த்து, ஐயம் இருப்பின் வழங்கிய அமைப்பிடமே எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும்.

ஆனால் மூன்று வகையிலும் பொதுவாக இல்லாதது ஒரு வரி இருந்தது. இவரைக் குழந்தைகளிடம் விடுவதற்கு முன் இவருடைய பின்னணி சரிபார்க்கப்பட்டது, இன்ன நாள் வரை அது செல்லும் என்ற வரி. என் கைக்கு வந்த எந்தச் சான்றிதழிலும் அது இல்லை.

பொருளாதாரத்தில் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த ஒரு கருத்து உண்டு. வேலை தருபவருக்கு விண்ணப்பதாரரின் உண்மையான திறமை தெரியாது. ஆகவே படிப்புச் சான்றிதழை ஒரு சைகையாக எடுத்துக்கொள்கிறார் என்பது அது. அந்தச் சைகை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. எதைக் குறித்து அது பெறப்பட்டதோ, அதைக் குறித்தே அதை நம்ப வேண்டும். பந்தை உதைக்கக் கற்றுத் தருவார் என்பதற்கான சைகையை, பிள்ளையைத் தனியே விடலாம் என்பதற்கான சைகையாகப் படிப்பது நம் பிழை. கழுத்தில் ஊதலும் மார்பில் சின்னமும் உள்ள ஒருவரைப் பார்த்தவுடன் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழகம் 2024 ஆகஸ்டில் கண்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஆகஸ்ட் 5 முதல் 9 வரை தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அந்தப் பள்ளியில் தேசிய மாணவர் படைப் பிரிவே கிடையாது. இப்படியொரு முகாமை நடத்தினால் பிரிவு தொடங்க வழி பிறக்கும் என்று முகாமை நடத்த வந்தவர்கள் பள்ளி நிர்வாகத்திடம் கூறியதாகக் காவல்துறை தெரிவித்தது. பதினேழு மாணவிகள் பள்ளியின் முதல் தளத்தில் இருந்த அரங்கில் தங்கவைக்கப்பட்டனர். மாணவர்கள் தரைத்தளத்தில் தங்கினர். இரவில் அவர்களைக் கண்காணிக்க ஆசிரியர்கள் அமர்த்தப்படவில்லை. அந்த முகாமில் எட்டாம் வகுப்பு வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வேறு மாணவிகளும் துன்புறுத்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன.

நடந்தவற்றைப் படிப்படியாகப் பாருங்கள். வந்தவர் சீருடை அணிந்திருந்தார். பயிற்சியாளர் என்று சொன்னார். உண்மையான தேசிய மாணவர் படையில் பயிற்சி அளிப்போர் இராணுவத்தைச் சேர்ந்தவர்களும், அதற்கெனத் தகுதி பெற்ற ஆசிரியர்களுமே. முகாம்கள் அந்தந்தப் பகுதியின் பட்டாலியன் அலுவலக உத்தரவின்பேரில் நடப்பவை. அந்த அலுவலகத்தைத் தொடர்புகொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால், முகாம் போலி என்பது அன்றே தெரிந்திருக்கும். அந்த நபருக்கும் தங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று தேசிய மாணவர் படை பின்னர் விளக்கம் அளித்தது. அந்த விளக்கம் பெறப்பட வேண்டிய நாள் முகாமுக்கு முந்தைய நாள்.

அடுத்த தவறு இன்னும் கசப்பானது. விவரம் பள்ளிக்குத் தெரிந்தபின்பும் காவல்துறைக்குச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர். வழக்கை விசாரிக்க அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. முதன்மைக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் விசாரணை முடியும் முன்பே இறந்துபோனார். அவருடைய குற்றத்தை நீதிமன்றம் முடிவு செய்யும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. ஆனால் நிறுவனம் எங்கே தவறியது என்பதை அறிய அந்தத் தீர்ப்பு தேவையில்லை.

இது சின்னமே போலியாக இருந்த வழக்கு. சின்னம் உண்மையாக இருந்தாலும் நிலை மாறுவதில்லை என்பதற்கு 2021 மே மாதம் சென்னையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகத் தடகள வீராங்கனைகளை உருவாக்கியவர் என்று பெயர் பெற்றிருந்த ஒரு பயிற்சியாளர், முன்னாள் மாணவி ஒருவரின் புகாரின்பேரில் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அதன்பின் வேறு வீராங்கனைகளும் புகாருடன் முன்வந்தனர். அங்கே அவருடைய திறமையை எவரும் ஐயப்படவில்லை. பயிற்சியாளரின் திறமைதான் பல நேரங்களில் பெற்றோரின் வாயையும் பிள்ளையின் வாயையும் அடைத்துவிடுகிறது. மாநிலப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பவரிடம் பகைத்துக்கொள்ள எந்தக் குடும்பம் துணியும்?

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு 2020 மார்ச்சில் வெளியிடப்பட்ட விதிகளில், குழந்தைகளுடன் தொடர்ந்து தொடர்பில் இருக்கும் நிறுவனங்களின் வரிசையில் பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு 'விளையாட்டு அகாடமி' என்பதும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. அங்கே குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும், நிரந்தரமானவராயினும் ஒப்பந்தத்தில் உள்ளவராயினும், காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய பயிற்சியையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்கிறது விதி. சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரையும், தனக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு.

எழுத்தளவில் இது பல நாடுகளின் சட்டத்துக்குக் குறைந்ததன்று. இங்கிலாந்தில் ஆசிரியர், மாணவர் உறவுக்கு இருந்த சிறப்புத் தடை விளையாட்டுப் பயிற்சியாளருக்கு நீட்டிக்கப்பட்டது 2022-இல்தான். அதுவரை பதினாறு, பதினேழு வயதினர் விஷயத்தில் அங்கே ஓர் ஓட்டை இருந்தது. நம் சட்டத்தில் பதினெட்டு வயது வரை எல்லோரும் குழந்தைகளே. ஆனால் இங்கிலாந்தில் இருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. அங்கே கால்பந்து சங்கத்தின் கீழ் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்பவர், அரசு அமைப்பு ஒன்றின் மூலம் விரிவான பின்னணிச் சரிபார்ப்பைப் பெற வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். இவை காலாவதியானால் பயிற்சியாளர் உரிமமும் செயலிழந்துவிடும். ஏணியும் சரிபார்ப்பும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. நம்மிடம் ஏணி விளையாட்டுக் கூட்டமைப்புகளிடமும், சரிபார்ப்பு காவல்துறையிடமும், கடமை அகாடமி நடத்துபவரிடமும் தனித்தனியே கிடக்கின்றன.

அவர்களும் இதை எளிதில் கற்றுவிடவில்லை. பல சிறுவர்களைச் சீரழித்த பாரி பென்னல் என்ற கால்பந்துப் பயிற்சியாளருக்கு 2018-இல் 31 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அக்காலக் குற்றங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஷெல்டன் அறிக்கை, ஆபத்து தெரிந்தபின்பும் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொண்டுவருவதில் கால்பந்து சங்கம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தாமதித்தது என்று குற்றம் சாட்டியது.

மீண்டும் எங்கள் முகாமுக்கு வருகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்த இளைஞர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அங்கிருந்து மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இரு சக்கர வாகனத்தில் வருபவர். பாட்டியாலா நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழும் கால்பந்து 'டி' உரிமமும் வைத்திருந்தார். இரண்டும் உண்மையானவை என்று உறுதிசெய்தோம். அடுத்ததாகக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்றேன். அறையில் அமைதி. பிறகு ஒரு தந்தை, "சார், நம்ம ஊர்ப் பையன். அவங்க அப்பாவை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். கேட்டா சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?" என்றார். எனக்கும் பதில் உடனே வரவில்லை. அந்த இளைஞரே பதில் சொன்னார். "எல்லாரிடமும் கேட்டா எனக்குச் சங்கடம் இல்லை சார். என்கிட்ட மட்டும் கேட்டாத்தான் சங்கடம்."

விதியின் தத்துவத்தை இதைவிடத் தெளிவாக எந்த அரசாணையும் சொல்லியிருக்க முடியாது. எவரையும் விலக்காமல் எல்லோரிடமும் கேட்கும்போது கேள்வியில் குற்றச்சாட்டு இல்லாமல் போகிறது. அன்றே ஒரு முடிவெடுத்தோம். பயிற்சியாளர், உதவியாளர், பொருள்களைப் பார்த்துக்கொள்பவர், திடலுக்கு உள்ளே நிற்கும் ஆண் பெற்றோர், பெண் பெற்றோர், காகிதம் படிக்க வந்த நான் என எல்லோரும் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது என்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இதற்கான வசதி இருக்கிறது. அடையாள ஆவணமும் புகைப்படமும் ஏற்றி, கட்டணம் செலுத்தினால், முகவரிக்குரிய காவல்துறையினர் தங்கள் பதிவேடுகளைப் பார்த்து அறிக்கை தருவர். பயிற்சியாளருக்கான கட்டணத்தை நாற்பது பிள்ளைகளுக்குப் பகிர்ந்தபோது தலைக்கு ஒரு தேநீரின் விலைகூட ஆகவில்லை.

இந்த அறிக்கை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதை அறியாமல் அதைக் கையில் வைத்திருப்பது ஆபத்து. அது அவர்மீது பதிவான வழக்கு உண்டா என்று சொல்லும். பதிவாகாத எதையும் அது அறியாது. முகவரியைச் சார்ந்த தேடல் என்பதால், ஒருவர் சில ஆண்டுகள் வேறு மாநிலத்தில் இருந்திருந்தால் அந்தக் காலம் அதில் முழுமையாகப் பிடிபடாமல் போகலாம். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018-இல் தொடங்கப்பட்டது; தொடக்கத்திலேயே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. ஆனால் அதைப் புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். பள்ளியோ அகாடமியோ நேரடியாகப் பார்க்க இயலாது. வழக்குப் பதிவாகியிருப்பது மட்டுமே குற்றம் நிரூபிக்கப்பட்டதாகாது என்ற நியாயத்தையும் நாம் மறக்கலாகாது. அப்படி ஒரு பதிவு வந்தால், அது எவ்வகை வழக்கு, எந்த நிலையில் உள்ளது என்று அவரையே வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். வயல் வரப்புத் தகராறும் குழந்தைகள்மீதான குற்றமும் ஒன்றல்ல.

எங்கள் பயிற்சியாளர் இரண்டாண்டுகள் கேரளத்தில் ஓர் அகாடமியில் பணியாற்றியிருந்தார். அந்த இடைவெளியை நிரப்ப எளிய வழி ஒன்றைக் கையாண்டோம். அவருடைய ஒப்புதலுடன் அங்கே தொலைபேசியில் பேசி மூன்று கேள்விகள் கேட்டோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார்? ஏன் விலகினார்? மீண்டும் குழந்தைகளுக்குப் பயிற்சி தர அவரை அழைப்பீர்களா? முதல் இரண்டுக்கும் சம்பிரதாயமான பதில் வரலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் குரல் மாறும். தயக்கம் இருந்தால் அங்கே தெரியும். எங்களுக்குக் கிடைத்த பதில் தயக்கமற்றது. "திரும்ப வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்கள்.

இவ்வளவும் முடிந்தபின்னரும் நான் பெற்றோரிடம் சொன்னது, இது பாதி வேலைதான் என்பது. எந்த நாட்டிலும் இத்தகைய குற்றம் புரிவோரில் பலர்மீது அதற்கு முன் வழக்கே இருந்திருக்காது. சரிபார்ப்பு முன்பே பிடிபட்டவரைத் தடுக்கும். பிடிபடாதவரைத் தடுப்பது அன்றாட ஒழுங்குமுறைதான். நாங்கள் நான்கை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவருடனும் பிறர் கண்ணுக்கு மறைவான இடத்தில் தனித்திருக்கக் கூடாது. பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியே கைப்பேசிச் செய்தி அனுப்பக் கூடாது. எல்லாச் செய்தியும் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். உடற்பயிற்சிக்காகத் தொட்டுத் திருத்த நேர்ந்தால், சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் செய்ய வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் சென்றால் ஒரு பெண் பொறுப்பாளர் உடன் செல்ல வேண்டும்.

நான்காவது விதி மிகையானது என்று ஒருவர் சொன்னார். 2022-இல் இந்தியச் சைக்கிள் பந்தய அணி ஸ்லோவேனியாவில் முகாமிட்டிருந்தபோது, பயிற்சியாளர் தன்னைத் தம் அறையில் தங்கச் சொன்னதாக ஒரு வீராங்கனை புகார் செய்தார். பயிற்சியாளரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. அதன்பின்தான் வீராங்கனைகள் இடம்பெறும் அணியோடு பெண் பயிற்சியாளர் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் உத்தரவிட்டது. நாட்டின் அணிக்கே அதுவரை அந்த விதி இருக்கவில்லை. நம் ஊர் முகாமுக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

உண்மையான செலவு காகிதத்தில் இல்லை. இரண்டாவது ஆளில் இருக்கிறது. திடலில் எப்போதும் பயிற்சியாளரைத் தவிர இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோருக்கு முறை வைத்தோம். மூன்றாம் வாரத்தில் முறை குலைந்தது. ஆலையில் மாலை ஷிப்டுக்குப் போகும் தந்தையும், வீட்டு வேலை முடித்து வரும் தாயும் என்ன செய்வார்கள்? ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களும் தாத்தா, பாட்டிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகே அது நிலைத்தது. வசதியான அகாடமி சம்பளம் கொடுத்து இரண்டாவது ஆளை வைக்கும். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் முன்னாள் வீரரால் அது இயலாது. எந்தச் சான்றிதழும் இல்லாமல் பல்லாண்டுகளாகத் தம் கைக்காசில் பந்து வாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. கடும் விதிகள் அவர்களை விரட்டிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே அவர்களிடம் ஏணியை வற்புறுத்த வேண்டாம். சரிபார்ப்பை மட்டும் வற்புறுத்துவோம், அதன் கட்டணத்தை அரசு ஏற்கட்டும் என்பதே என் வாதம். திறமைச் சான்றில் தளர்வு இருக்கலாம். பாதுகாப்பில் இருக்கலாகாது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? கடந்த 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், பெண்கள் மற்றும் சிறார் விளையாட்டு வீரர்களின் பாதுகாப்புக்கான கொள்கையைப் பற்றிப் பேசுகிறது. நல்லது. ஆனால் அதன் பிடி தேசியக் கூட்டமைப்புகள்மீது விழும். எந்தக் கூட்டமைப்பிலும் சேராத மாலைநேர முகாம் அதன் கண்ணுக்கே தெரியாது. கூட்டமைப்புகள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. முதல் நிலைச் சான்றிதழுக்கே காலாவதித் தேதி இட்டு, காவல்துறைச் சரிபார்ப்பும் பாதுகாப்பு வகுப்பும் இல்லாமல் புதுப்பிக்க மறுக்கலாம். அப்போது நான் தேடிய அந்த வரி சான்றிதழிலேயே ஏறிவிடும்.

ஏணியில் ஏறாதவர்களைப் பிடிக்கும் இடம் வேறு. எங்கள் பகுதியில் நான் அறிந்த முகாம் எதற்கும் சொந்தத் திடல் இல்லை. பள்ளியின் திடல், கல்லூரியின் திடல், நகராட்சியின் திடல், ஏதேனும் ஒரு சமுதாயத்தின் காலி மனை என்று எல்லாமே இரவல் இடங்கள். திடலைத் தருபவர் இன்று கேட்பது வாடகையும் மின்கட்டணமும். அதோடு பயிற்சியாளரின் தகுதிச் சான்று, காவல்துறை அறிக்கை, இரண்டாவது பெரியவரின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டு, நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பிய பின்பே வாயிற்கதவின் சாவியைத் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் விதியே போதும். நகராட்சியின் ஒரு தீர்மானமும், பள்ளிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் ஒரு சுற்றறிக்கையும் அதைச் செய்துவிடும். பர்கூர் அருகே அன்று திறந்த கதவும் ஒரு பள்ளியின் கதவுதானே.

விருதுநகர் மாவட்டத்தின் போக்சோ வழக்குகள் விசாரிக்கப்படும் சிறப்பு நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. எங்கள் பயிற்சியாளர் மாலைதோறும் கிளம்பி வருவது அதே ஊரிலிருந்துதான். அந்த நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போய்ச் சேரும்போது ஒரு குழந்தைக்கு நேரக்கூடாதது நேர்ந்து முடிந்திருக்கும். அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வியைத் திடலின் வாயிலில் நாம் கேட்டாக வேண்டும். இந்த ஆண்டும் கோடை விடுமுறை வருகிறது. எங்கள் முகாமில் எல்லோருடைய அறிக்கைகளையும் புதுப்பிக்க வேண்டிய நேரம் இது. என்னுடையதும் சேர்த்துத்தான்.